பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டிய சம்மன்: செட்டிநாட்டுப் பாகவழக்கில் எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வீட்டை அளக்க நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் வந்திருக்கிறார் என்று போன் வந்த பிறகுதான் என்மேல் பாகவழக்கு இருந்ததே தெரிந்தது. நான் போகாமலே, எக்ஸ்பார்ட்டியாக டிக்ரி ஆகிவிட்டதாம். இனி ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஆனால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் போன் வந்த தேதியை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்கள் மனு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த ஒரு தேதியை வைத்துத்தான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9 விதி 13 இதற்கான வழி. டிக்ரி கொடுத்த அதே நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். இரண்டு காரணங்களில் ஒன்றை மெய்ப்பித்தால் போதும். ஒன்று, சம்மன் உங்களுக்கு முறைப்படி சார்பு ஆகவில்லை, அதாவது சட்டம் சொல்கிறபடி உங்களிடம் சேர்க்கப்படவில்லை. மற்றொன்று, சம்மன் வந்தது, ஆனால் வழக்கு கூப்பிடப்பட்ட நாளில் வர முடியாதபடி தகுந்த காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தவர் சொல்ல வேண்டியது இரண்டாவது காரணம். வருஷம் முழுக்கச் சென்னையில் இருந்தவருக்கு, பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டிவிட்டுப் போயிருந்தால், அவர் பிடித்துக்கொள்ள வேண்டியது முதல் காரணம். இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றியதே. செட்டிநாட்டுப் பாகவழக்குகளில் வெளியூர் பங்காளிக்கு நடப்பது பெரும்பாலும் அதுதான்.

விளக்கத்துக்கு ஒரு உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். கானாடுகாத்தானில் ஒரு பூர்வீக வீடு. ஏழு பங்கு. பெரியப்பா மகன் வாதி. மூன்றாம் பிரதிவாதி 15 வருஷமாகச் சென்னை அண்ணா நகரில் குடியிருக்கிறார். 2024 மார்ச் 18 அன்று அவர் வராமலே முதல்நிலைத் தீர்ப்பாணை, அதாவது யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் டிக்ரி ஆகிறது. 2025 ஜனவரி 6 அன்று கமிஷனர் வீட்டை அளக்க வந்தபோது அவருக்குப் போன் வருகிறது.

டிக்ரி ஆகி பத்து மாதம் ஆகிவிட்டது. 30 நாள்தான் கெடு என்கிறார்கள். என் கெடு முடிந்துவிட்டதா?

1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 123-ஆவது உறுப்பு 30 நாள் என்றுதான் சொல்கிறது. அது எந்த நாளிலிருந்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சம்மன் முறைப்படி சார்பு ஆகியிருந்தால் டிக்ரி தேதியிலிருந்து 30 நாள். சார்பு ஆகவில்லை என்றால், டிக்ரி ஆனது உங்களுக்குத் தெரிந்த தேதியிலிருந்து 30 நாள்.

நம் உதாரணத்தில் முதல் கணக்குப்படி 2024 ஏப்ரல் 17-லேயே கெடு முடிந்துவிட்டது. இரண்டாவது கணக்குப்படி, ஜனவரி 6-ஐ விட்டுவிட்டு 7-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 2025 பிப்ரவரி 5 வரை கெடு உண்டு. அந்த நாள் நீதிமன்ற விடுமுறையாக இருந்தால் திறக்கும் முதல் நாளில் போடலாம்.

இங்கே பலர் தவறும் ஒரு இடம் உண்டு. அப்பீல் போடும்போது தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ரத்து மனுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. நகல் மனுப் போட்டு, அது வரட்டும் என்று காத்திருந்து 30 நாளைத் தாண்டியவர்கள் உண்டு. நகல் கையில் வரவில்லை என்றாலும் வழக்கு எண்ணை வைத்து மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, நகலைப் பிறகு கொடுங்கள்.

டிக்ரி ஆனது “தெரிந்த” நாள் என்றால் எது? ஊரில் ஏதோ கேஸ் நடக்கிறது என்று முன்னமே காதில் விழுந்ததே?

கேஸ் நடக்கிறது என்று தெரிவது வேறு, டிக்ரி ஆகிவிட்டது என்று தெரிவது வேறு. இந்தக் குறிப்பிட்ட டிக்ரி உங்கள்மேல் ஆகியிருக்கிறது என்று புரியும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், யாரோ எங்கோ சொன்ன அரைகுறைச் செய்தி போதாது என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. டிக்ரியின் ஒவ்வொரு வரியும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

தெரிந்த நாளை மெய்ப்பிக்கும் பாரம் உங்களுடையது. கமிஷனர் வந்த நாளில் உங்களுக்கு வந்த அழைப்பின் பதிவு, அதற்குப் பிறகு நீங்கள் வழக்கறிஞருக்கு அனுப்பிய செய்தி, நகல் மனுப் போட்ட தேதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். கமிஷனர் தன் அறிக்கையில் தான் வந்த தேதியையும் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுவார். அந்த அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

சம்மனைக் கதவில் ஒட்டினால் போதும் என்று சட்டமே சொல்கிறதாமே?

சொல்கிறது, ஆனால் எந்தக் கதவில் என்றும் சொல்கிறது. கட்டளை 5 விதி 17-ஐ ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். சம்மன் கொண்டுவந்த நீதிமன்றப் பணியாளர் தகுந்த முயற்சி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பிரதிவாதி வீட்டில் இல்லை, நியாயமான காலத்துக்குள் அங்கே அகப்படும் வாய்ப்பும் இல்லை, அவர் சார்பில் வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்றவரும் யாரும் இல்லை என்றால் ஒட்டலாம். ஒட்ட வேண்டியது, பிரதிவாதி வழக்கமாகக் குடியிருக்கும் வீட்டின் வெளிக்கதவில், அல்லது அவர் தொழில் செய்யும் அல்லது வேலை பார்க்கும் இடத்தின் வெளிக்கதவில்.

‘வழக்கமாகக் குடியிருக்கும் வீடு’ என்ற அந்தச் சொற்களில்தான் நம் ஊர் வழக்குகள் திரும்புகின்றன. பூர்வீக வீட்டில் பங்கு இருக்கிறது என்பதாலேயே அது நீங்கள் குடியிருக்கும் வீடு ஆகிவிடாது. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறந்து, வளவைக் கூட்டிப் பெருக்கி, நாலு நாள் இருந்துவிட்டுப் பூட்டிவிட்டுப் போகிற வீடு அது. வாதி வழக்குத் தொடுக்கும் மனுவான பிராதில் எல்லாப் பங்காளிகளுக்கும் ஒரே ஊர் விலாசத்தை எழுதிவிட்டால், ஏழு பேருக்கான சம்மனும் ஒரே முகப்புக் கதவில் ஒட்டப்பட்டுவிடும். அந்த ஏழில் ஒருவராவது அங்கே குடியிருக்கிறாரா என்று ஒட்டியவர் கேட்டிருக்க மாட்டார்.

ஒட்டியவர் எழுதித் திருப்பிய குறிப்பைப் பாருங்கள். எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று பெயர், விலாசத்தோடு இருக்க வேண்டும். “வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டினேன்” என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் அது பலவீனமான சார்பு. அடையாளம் காட்டியவர் வாதியேவா, அவருடைய ஆளா என்பதும் கவனிக்க வேண்டியது. அதற்குப் பிறகு விதி 19 வருகிறது. குறிப்போடு பணியாளரின் பிரமாண வாக்குமூலம் இல்லை என்றால் நீதிமன்றம் அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்க வேண்டும். பிறகு சம்மன் முறைப்படி சார்பு ஆனது என்று அறிவிக்க வேண்டும், அல்லது வேறு முறையில் சார்பு செய்ய உத்தரவிட வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பே கோப்பில் இல்லாமல் நேரடியாக “பிரதிவாதி ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி” என்று இருந்தால், உங்கள் மனுவில் அதைத் தனிப் பத்தியாகச் சொல்லுங்கள்.

வீட்டுக் காவல்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். அது செல்லுமா?

செல்லாது. பிரதிவாதி இல்லாதபோது அவரோடு குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தாரிடம், ஆணோ பெண்ணோ, கொடுக்கலாம் என்கிறது விதி 15. அதே விதியின் விளக்கம், வேலைக்காரர் குடும்பத்தாரில் சேர மாட்டார் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சாவி வைத்திருந்து விளக்கேற்றுகிற பெரியவர் எத்தனை வருஷம் வீட்டோடு இருந்தாலும் அவர் வாங்கிய சம்மன் உங்களுக்குச் சார்பு ஆகாது. அவர் சம்பளத்துக்கு இருப்பவர் என்பதைக் காட்ட, மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிப் பதிவை வையுங்கள். அவரிடமிருந்தே ஒரு பிரமாணப் பத்திரம் வாங்குவது இன்னும் நல்லது.

ஊரில் ஒரு பாகத்தில் குடியிருக்கும் சித்தப்பா வாங்கியிருந்தால்? அவர் உறவினர்தான், ஆனால் உங்களோடு ஒரே குடும்பமாகக் குடியிருப்பவர் அல்ல. அவரும் வழக்கில் ஒரு பிரதிவாதியாக இருந்தால், அவருடைய நலனும் உங்களுடையதும் ஒன்றா என்ற கேள்வியும் எழும்.

பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டார்களாம். அப்படியென்றால் எனக்குத் தெரிந்ததாகத்தானே ஆகும்?

வழக்கை மேலே நடத்துவதற்கு அது போதும். கெடுவை எண்ணுவதற்குப் போதாது. பத்திரிகை விளம்பரம் என்பது கட்டளை 5 விதி 20-இன்படி நீதிமன்றம் உத்தரவிடும் மாற்றுச் சார்பு. 123-ஆவது உறுப்பின் விளக்கம், விதி 20-இன்படி செய்த மாற்றுச் சார்பை முறையான சார்பாகக் கருதக் கூடாது என்கிறது. ஆக, விளம்பரம் ஒன்றுதான் உங்களுக்கான சார்பு என்றால் 30 நாள் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்தே ஓடும்.

கதவில் ஒட்டுவது இரண்டு வகையில் நடக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பணியாளர் தானாக விதி 17-இன்படி ஒட்டியது ஒன்று. நீதிமன்றம் விதி 20-இன்படி உத்தரவிட்டு ஒட்டச் சொன்னது இன்னொன்று. அந்த விளக்கம் காப்பாற்றுவது இரண்டாவது வகைக்கு மட்டும். முதல் வகையில், ஒட்டியதே தவறு என்று நீங்கள் காட்டியாக வேண்டும். எது உங்கள் வழக்கில் நடந்தது என்பதைக் கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

விளம்பரம் எந்தப் பதிப்பில் வந்தது என்றும் பாருங்கள். பிரதிவாதி கடைசியாகக் குடியிருந்த அல்லது தொழில் செய்த வட்டாரத்தில் உலவும் நாளிதழில் வர வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு மதுரைப் பதிப்பில் கொடுத்த விளம்பரம் கண்ணில் பட்டிருக்காது.

காவல்காரர் அந்தச் சம்மனைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். நான் கண்டுகொள்ளவில்லை. இதை மறைத்துவிடலாமா?

மறைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறெதையும் விட அழுத்தமாகச் சொல்ல வேண்டியது இதுதான்.

விதி 13-இல் 1976 திருத்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. விசாரணை நாள் பிரதிவாதிக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் கண்டால், சார்பில் வெறும் முறைகேடு இருந்தது என்பதற்காக மட்டும் டிக்ரியை ரத்து செய்யக் கூடாது. அந்தப் போட்டோவில் வாய்தா தேதி தெளிவாகத் தெரிந்தால், தவறான கதவில் ஒட்டினார்கள் என்ற வாதம் பெரும்பாலும் வலுவிழந்துவிடும்.

போட்டோவை மறைத்து “ஜனவரி 6 வரை எதுவுமே தெரியாது” என்று பிரமாணம் செய்தீர்கள் என்று வையுங்கள். காவல்காரர் வாதி பக்கம் சாட்சி சொன்னால் உங்கள் நம்பகத்தன்மை முழுவதும் போய்விடும். அதோடு வழக்கில் உங்களுக்கு இருந்த நல்ல எதிர்வாதமும் கேட்கப்படாமல் போகும். உள்ளதைச் சொல்லுங்கள். போட்டோவில் முதல் பக்கம் மட்டும் இருந்ததா, தேதி படிக்க முடியாமல் இருந்ததா, வாய்தாவுக்கு முந்தின நாள்தான் வந்ததா என்பதெல்லாம் உங்களுக்கு உதவும் உண்மைகள். தேதி தெளிவாகவே தெரிந்திருந்தால், முதல் காரணத்தை விட்டுவிட்டு, ஏன் வர முடியவில்லை என்ற இரண்டாவது காரணத்துக்கு வாருங்கள். அந்தக் காரணம் அந்த வாய்தா நாளைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

வழக்கு எண்ணே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

eCourts இணையதளத்தில் `services.ecourts.gov.in` பக்கத்துக்குப் போய், கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடலாம். மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் சிவகங்கை, பிறகு காரைக்குடி அல்லது தேவகோட்டை நீதிமன்ற வளாகம், வருஷம். வழக்கு கிடைத்ததும் அதன் 16 எழுத்து CNR எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதுவே போதும்.

நம்மவர் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு மூன்று தலைமுறை முதலெழுத்துகள் முன்னால் நிற்கும், அவற்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். முதலெழுத்துகளை விட்டுவிட்டுப் பெயரின் நடுப்பகுதியை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். உங்கள் பெயரில் கிடைக்காவிட்டால் வாதியின் பெயரில் தேடுங்கள்.

பிறகு அந்த நீதிமன்றத்தில் நகல் மனுப் போடுங்கள். பிராது, தீர்ப்பு, தீர்ப்பாணை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சம்மனின் பின்பக்கக் குறிப்பு, திரும்பி வந்த தபால் உறை, மாற்றுச் சார்புக்கு வாதி போட்ட மனுவும் பிரமாணப் பத்திரமும், விளம்பரம் வந்த பத்திரிகைத் தாள், வாய்தாவாரியாக நீதிபதி எழுதிய குறிப்புகள் ஆகியவற்றையும் கேளுங்கள். உங்கள் வழக்கின் உயிர் இந்தத் தாள்களில் இருக்கிறது. தபால் உறையில் ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று எழுதியிருப்பதும் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. மறுத்தார் என்று இருந்தால் சார்பு ஆனதாகவே அறிவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆளே இல்லாத வீட்டில் மறுத்தது யார் என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.

மனுவில் என்னென்ன எழுத வேண்டும்?

நம் உதாரணக்காரரின் பிரமாணப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அவர் மூன்று விஷயங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தாள் வைக்க வேண்டும்.

தான் குடியிருக்கும் இடம் முதலில். எந்த வருஷத்திலிருந்து அண்ணா நகரில் இருக்கிறார் என்பதை வாக்காளர் அட்டை, ஆதார், மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று என்று காட்ட வேண்டும். சம்மன் ஒட்டிய தேதியைச் சுற்றிய நாட்களுக்கான சான்று மற்ற எல்லாவற்றையும் விட மதிப்பானது. அந்த மாதத்து மின்கட்டண ரசீதோ அலுவலக வருகைப் பதிவோ இருந்தால் தவறாமல் வையுங்கள்.

அடுத்து, வாதிக்குத் தன் சென்னை விலாசம் தெரியும் என்பது. இங்கே பங்காளி உறவே உங்களுக்குச் சாட்சி. வாதி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அண்ணா நகர் விலாசத்துக்கு வந்த உறை இருக்கிறதா? மகள் கல்யாணத்துக்கு நீங்கள் அடித்த பத்திரிகையில் சென்னை விலாசம் இருந்து, அதை வாதிக்குக் கொடுத்திருக்கிறீர்களா? வழக்குக்கு முன் வாதி அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் எந்த விலாசத்துக்கு வந்தது? நோட்டீஸைச் சென்னைக்கு அனுப்பிவிட்டுப் பிராதில் மட்டும் கானாடுகாத்தான் விலாசத்தை எழுதியிருந்தால், அதை விடப் பலமான ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது.

கடைசியாக, டிக்ரி தெரிந்த நாளும் விதமும். “அண்மையில் தெரியவந்தது” என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. யார் சொன்னார், எந்தத் தேதி, எப்படி என்று எழுதுங்கள்.

இவற்றோடு, வழக்கில் உங்கள் எதிர்வாதம் என்ன என்பதையும் நாலு வரியில் சொல்லுங்கள். 1980-லேயே வாய்மொழிப் பாகம் நடந்துவிட்டது, வாதி கேட்கும் ஏழில் இரண்டு பங்கு தவறு என்பதுபோல. எதிருரையைத் தயாராக்கி மனுவோடு தாக்கல் செய்வது நல்லது. வழக்கை இழுத்தடிக்க வரவில்லை என்பதை நீதிபதிக்கு அது காட்டும்.

தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போட்டுவிட்டேன். தாமத மன்னிப்பு மனுவும் தேவையா?

சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் சேர்த்துப் போடுங்கள் என்பதே எங்கள் கருத்து. ஒட்டிய சம்மன் முறையான சார்புதான் என்று நீதிபதி முடிவு செய்தால், கெடு டிக்ரி தேதியிலிருந்து கணக்காகும். அப்போது தாமத மன்னிப்பு மனு இல்லாத ரத்து மனு, காலம் கடந்தது என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடியாகும்.

உதாரணக்காரர் 2025 பிப்ரவரி 3 அன்று தாக்கல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த நாளிலிருந்து 28-ஆவது நாள். கெடுவுக்குள் இருக்கிறார். ஆனால் டிக்ரி தேதியை வைத்து எண்ணினால், 2024 ஏப்ரல் 17-இல் முடிந்த கெடுவுக்குப் பிறகு 292 நாள் தாமதம். ஆகவே காலவரையறைச் சட்டம் பிரிவு 5-இன்படி, “தாமதம் இல்லை, தாமதம் என்று கருதினாலும் இந்த 292 நாளையும் மன்னிக்க வேண்டும்” என்று ஒரு தனி மனு வைக்கிறார். நாள் கணக்கைத் தவறில்லாமல் போடுங்கள். 292-க்குப் பதில் 262 என்று எழுதி, மீதி 30 நாளுக்கு விளக்கம் இல்லை என்று மனு திரும்பி வருவது நடக்கிற ஒன்று.

நாள் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யப் போட்ட மனு தள்ளுபடியாகி, அதை மீட்கப் போனதில் ஏற்பட்ட 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் 1998-இல் மன்னித்தது. எத்தனை நாள் என்பதை விட, சொல்லும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றது. தெரிந்த பிறகும் மூன்று மாதம் சும்மா இருந்தவரின் சின்னத் தாமதம் மன்னிக்கப்படாமலும் போகும்.

மனுப் போட்டுவிட்டால் கமிஷனர் வேலை நின்றுவிடுமா?

நிற்காது. ரத்து மனு நிலுவையில் இருப்பது மட்டும் எதையும் தடுக்காது. வீட்டை எப்படிப் பிரிப்பது என்று முடிவாகும் இறுதித் தீர்ப்பாணை நடவடிக்கைகளை நிறுத்தி வைக்கும்படி தனி மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அதோடு இறுதித் தீர்ப்பாணை மனுவிலும் வக்காலத்துப் போட்டு, கமிஷனர் அறிக்கைக்கு உங்கள் ஆட்சேபனையைத் தாக்கல் செய்துகொள்ளுங்கள். ஒன்று தோற்றாலும் மற்றது கையில் இருக்கும். பட்டாலையையும் இரண்டாங்கட்டையும் எந்தப் பங்குக்கு ஒதுக்குவது என்பது அங்கேதான் முடிவாகும்.

வீடு பங்கு பிரிக்க முடியாதது என்று ஏலத்துக்குப் போகும் நிலை வந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள். வழக்குக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் ஏலம் எடுத்து, விற்பனை உறுதியாகிவிட்டால், பின்னால் டிக்ரி ரத்தானாலும் வீட்டை அவரிடமிருந்து மீட்பது மிகக் கடினம்.

அப்பீல் போடுவதா, இந்த மனுவா?

சம்மன் வரவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால் இந்த மனுதான். எக்ஸ்பார்ட்டி டிக்ரியை எதிர்த்து அப்பீல் செய்யப் பிரிவு 96 இடம் தருகிறது. ஆனால் அப்பீலில், கோப்பில் உள்ள வாதியின் சாட்சியத்தை வைத்து டிக்ரி சரியா என்றுதான் முதன்மையாகப் பார்ப்பார்கள். உங்கள் சாட்சியம் அங்கே இல்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் போடத் தடை இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அப்பீலை நீங்களே வாபஸ் வாங்காமல் வேறு எந்தக் காரணத்தால் அது தீர்ந்துபோனாலும், அதற்குப் பிறகு ரத்து மனு நிற்காது. அப்பீல் போட்டிருந்தால் அது முடிவதற்குள் எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிடுங்கள்.

மனு விசாரணை எப்படி நடக்கும்? பணம் கட்டச் சொல்வார்களா?

வாதிக்கு நோட்டீஸ் போகாமல் ரத்து செய்ய முடியாது. அவர் கவுண்டர் எனும் பதில் மனுப் போடுவார். சார்பு நடந்ததா என்பதில் தகராறு இருந்தால் உங்களைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம், குறுக்கு விசாரணையும் இருக்கும். சம்மன் ஒட்டிய பணியாளரைச் சாட்சியாக அழைக்கவும் நீங்கள் கேட்கலாம்.

செலவுத் தொகை, நீதிமன்றத்தில் டெபாசிட் என்று நிபந்தனை விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பாகவழக்கில் பெரும்பாலும் வாதிக்குக் கொடுக்க வேண்டிய செலவுத் தொகையாக இருக்கும். உத்தரவில் குறித்த தேதிக்குள் கட்டி, ரசீதை அன்றே தாக்கல் செய்யுங்கள். தேதி தவறினால் மனு தானாகவே தள்ளுபடி என்று உத்தரவிலேயே எழுதியிருப்பார்கள். ஜெயித்த மனுவை இப்படித் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

மலேசியாவில் இருக்கும் தம்பியும் ஒரு பிரதிவாதி. அவர் மனுப் போடவில்லை. எனக்கு மட்டும் ரத்தாகுமா?

பொதுவாக, கேட்டவருக்கு மட்டும்தான் ரத்தாகும். ஆனால் டிக்ரியின் தன்மை ஒருவருக்கு மட்டும் ரத்து செய்ய முடியாததாக இருந்தால் மற்றவர்களுக்கும் சேர்த்து ரத்து செய்யலாம் என்கிறது விதி 13-இன் முதல் நிபந்தனை. ஏழு பங்கில் ஒரு பங்கு மாறினால் மற்ற ஆறும் மாறும் என்பதால் பாகவழக்கு அதற்குப் பொருத்தமானது. இதை மனுவிலேயே குறிப்பிட்டு, முழு டிக்ரியையும் ரத்து செய்யும்படி கேளுங்கள்.

இருந்தாலும் தம்பி தனக்கென்று ஒரு மனுப் போடுவது பாதுகாப்பு. இந்தியாவுக்கு வெளியே குடியிருந்து, இங்கே சம்மன் வாங்கிக்கொள்ள ஏஜென்ட் இல்லாதவருக்கு, அவர் குடியிருக்கும் இடத்துக்கே சம்மன் அனுப்ப வேண்டும் என்கிறது கட்டளை 5 விதி 25. அவருக்குக் கானாடுகாத்தான் கதவில் ஒட்டியது உங்கள் விஷயத்தை விடத் தெளிவான தவறு. பாஸ்போர்ட்டில் உள்ள வருகை முத்திரைகளும் அங்குள்ள வேலை அனுமதியும் போதிய சான்று. அவர் தரும் அதிகாரப் பத்திரத்தை வைத்து நீங்களே அவருக்காக மனுப் போடலாம். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்று, இங்கே வந்ததும் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும்.

மனு தள்ளுபடியானால்?

ரத்து மனுவே தள்ளுபடியானால் கட்டளை 43 விதி 1-இன்படி மேல்முறையீடு உண்டு, கெடு 30 நாள். தாமத மன்னிப்பு மனு தள்ளுபடியானால், வழக்கமாகச் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சீராய்வு மனு. அதற்குக் கெடு 90 நாள். இரண்டிலும் தள்ளுபடி உத்தரவின் நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே உத்தரவு வந்த அன்றே நகல் மனுப் போட்டு, போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் முத்திரையில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.